பயர் லிஃப்ட்டுக்கு ரெண்டு ஃபீடு: மெயின்ஸ் போன அந்த 20 செகண்ட்ல என்ன நடக்கணும்

பயர் லிஃப்ட் சப்ளை பத்தி கேட்டா நிறைய பேர் சொல்ற பதில் "ரெண்டு ஃபீடு இருக்கு, ஏடிஎஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு"ன்னுதான். ஏடிஎஸ்ங்கறது ஒரு சப்ளை போனா தானா இன்னொண்ணுக்கு மாத்தற ஸ்விட்ச். ஆனா அது பாதி பதில்தான். மீதி பாதி என்னன்னா, நாலு தீயணைப்பு வீரர்கள் ஹோஸ், சிலிண்டர் எல்லாத்தோடயும் 8வது மாடிக்கும் 9வது மாடிக்கும் நடுவுல போய்ட்டு இருக்கும்போது முதல் ஃபீடு போச்சுன்னா, ரெண்டாவது ஃபீடு வந்ததும் அந்த லிஃப்ட் என்ன பண்ணும்? நின்ன இடத்துல அமைதியா காத்திருக்குமா, தானா கீழ போகுமா, கிட்ட இருக்கற மாடில நின்னு கதவைத் தொறந்துடுமா, இல்ல கன்ட்ரோலர்ல ஒரு ஃபால்ட் கோட் காட்டிட்டு ஒண்ணுமே பண்ணாம நின்னுடுமா? இந்த கேள்விக்கு பதில் தெரிஞ்சாதான் கேபிள், ஏடிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ண முடியும். அதனால நான் லிஃப்ட் பக்கத்துல இருந்து பின்னாடி போறேன், ஒரு உதாரணத்தையும் கூடவே எடுத்துட்டு போறேன்.

உதாரணம் இது: 20 மாடி கட்டடம், லிஃப்ட் ஓடுற உயரம் 57 மீட்டர், 1000 கிலோ கெபாசிட்டி, வேகம் செகண்டுக்கு 1.6 மீட்டர், 11 கிலோவாட் மோட்டார், விவிவிஎஃப் டிரைவ், மெஷின் ரூம் மேல. தீயணைப்பு வீரர்கள் ஏறுற மாடில இருந்து கடைசி மாடிக்கு கதவு மூடினதுல இருந்து 60 செகண்டுக்குள்ள போகணும்ங்கறது இ.என். 81-72 ஸ்டாண்டர்டோட கணக்கு, இந்த லிஃப்ட் 40 செகண்டுக்குள்ள போயிடும், அதனால வேகம் பிரச்சனை இல்ல. தீ 14வது மாடில, வீரர்கள் 12க்கு போறாங்க (நேரா தீ இருக்கற மாடிக்கு போகமாட்டாங்க, ஒண்ணு ரெண்டு மாடி கீழ இறங்கி படியில ஏறுவாங்க).

1. முதல்ல ஃபீடு எங்க இருந்து எடுக்கறோம்னு பாருங்க

தீ விபத்துல தீயணைப்பு குழு வந்து முதல்ல பண்ற வேலைகள்ல ஒண்ணு கட்டடத்தோட மெயின் பிரேக்கரை ஆஃப் பண்றது. உங்க பயர் லிஃப்ட் அந்த மெயின் பிரேக்கருக்கு பின்னாடி இருந்து சப்ளை எடுக்குதுன்னா, அவங்களே அவங்க லிஃப்ட்டை நிறுத்திடுவாங்க. அதனால நார்மல் ஃபீடு, கட்டடத்தோட பொது மெயின் பிரேக்கருக்கு முன்னாடியே தனியா பிரிஞ்சு, தனி பிரேக்கர் வழியா வரணும். அந்த பிரேக்கர் மேல "பயர் லிஃப்ட் சப்ளை, தீ சமயத்துல ஆஃப் பண்ண வேண்டாம்"னு பெரிய எழுத்துல, அழியாத லேபிள் இருக்கணும்.

ரெண்டாவது ஃபீடு ஜெனரேட்டர்ல இருந்து. ஜெனரேட்டர் பேனல்ல மத்த அவசர லோடுகளோட ஒரே பிரேக்கர்ல கோர்க்காம தனி பிரேக்கர் குடுங்க, ஏன்னா ஸ்மோக் எக்ஸ்ட்ராக்ட் ஃபேன்ல ஒரு ஃபால்ட் வந்து அந்த பொது பிரேக்கர் ட்ரிப் ஆனா லிஃப்ட்டும் சேர்ந்து போயிடும். அதே மாதிரி பயர் லிஃப்ட்டை மத்த லிஃப்ட்டுகளோட சேர்த்து ஒரு லிஃப்ட் டிபில போடறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், பக்கத்து லிஃப்ட்ல வர்ற எலக்ட்ரிக்கல் ஃபால்ட் பயர் லிஃப்ட்டை தொடவே கூடாது. பிரேக்கர்களோட டிஸ்கிரிமினேஷனையும் ஒருமுறை செக் பண்ணுங்க: லிஃப்ட் பக்கத்து ஃபால்ட்டுக்கு லிஃப்ட் கிட்ட இருக்கற பிரேக்கர் மட்டும்தான் விழணும், மேல இருக்கறது நிக்கணும். எர்த் லீக்கேஜ் ட்ரிப்பை இந்த ஃபீடர்ல போடாதீங்க, தண்ணி பட்டா காரணம் சின்னதா இருந்தாலும் சப்ளை போயிடும்.

2. ஏடிஎஸ் எங்க இருக்கணும்

இதுல ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப நடக்குது. ஏடிஎஸ்ஸை கீழ எல்டி ரூம்ல வெச்சுட்டு, அங்க இருந்து மேல லிஃப்ட் வரைக்கும் ஒரே ஒரு கேபிள் போகும். வரைபடத்துல பாத்தா ரெண்டு சோர்ஸ் இருக்கும், ஆனா தீ அந்த ஒத்தை கேபிளைத் தொட்டா ரெண்டு சோர்ஸும் ஒரே நேரத்துல வீண். ரெண்டு ஃபீடுங்கறதுக்கு அர்த்தமே லிஃப்ட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வரைக்கும் ரெண்டு கேபிளா, ரெண்டு தனி வழியா வரணும்ங்கறதுதான். நம்ம உதாரணத்துல ஏடிஎஸ் மேல மெஷின் ரூம்லயே இருக்கணும். மெஷின் ரூம் இல்லாத லிஃப்ட்னா, தீ தடுப்பு உள்ள பயர் லிஃப்ட் ஷாஃப்ட் பகுதிக்குள்ள, ஹோஸ் தண்ணி படாத இடமா பாத்து வையுங்க.

ரூட்: ஒரு கேபிள் பயர் லிஃப்ட் இருக்கற பாதுகாக்கப்பட்ட ஷாஃப்ட் பகுதியோட ரைசர்ல ஏறட்டும், இன்னொண்ணு கட்டடத்தோட வேற பக்கத்து ரைசர்ல. கடைசில மெஷின் ரூம்லதான் ரெண்டும் சந்திக்கணும். பேஸ்மென்ட்ல ரெண்டும் ஒரே ட்ரேல ஒட்டி வர்றதை அடிக்கடி பாக்கலாம், டிராயிங் போடும்போது ரைசரை மட்டும் பிரிச்சுட்டு கீழ இருக்கற கிடைமட்ட ஓட்டத்தை யாரும் யோசிக்கறது இல்ல. கார் பார்க்ல ஒரு வண்டி எரிஞ்சா அங்கதான் ரெண்டும் போகும்.

ஏடிஎஸ்ஸே 4 போல் இருக்கட்டும். ரெண்டு சோர்ஸோட நியூட்ரலும் தனித்தனியா எர்த் ஆயிருந்தா, நியூட்ரலையும் மாத்தலன்னா அது ரெண்டு பக்கமும் இணைஞ்சு, ஃபால்ட் கரண்ட் போகக்கூடாத வழியில போகும். மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் எலக்ட்ரிக்கல் இன்டர்லாக்கும் ரெண்டும் வேணும்.

3. கேபிளைத் தேர்ந்தெடுக்கறது

கேபிள் எவ்வளவு நேரம் தாங்கணும்னா, லிஃப்ட் ஷாஃப்ட்டுக்கு குடுத்த தீ தாங்கும் நேரத்துக்கு குறையக்கூடாது. ஷாஃப்ட் 120 நிமிஷம்னா கேபிளும் 120. பி.எஸ். 8519ல இதைத்தான் கேட்டகரி 3னு சொல்றாங்க, கேட்டகரி 1 30 நிமிஷம், 2 60 நிமிஷம்.

சிடபிள்யூஇசட்னு போட்ட கேபிளைப் பாத்ததும் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பி.எஸ். 6387ல சி-னா 950 டிகிரில 3 மணி நேரம், டபிள்யூ-னா 650 டிகிரில 15 நிமிஷம் தீ, அப்புறம் 15 நிமிஷம் தண்ணியோட சேர்த்து, இசட்-னா 950 டிகிரில 15 நிமிஷம் மெக்கானிக்கல் அடியோட. மூணும் மூணு தனித்தனி சாம்பிள்ல பண்ற டெஸ்ட். நிஜமான தீயில தீ, அடி, தண்ணி மூணும் ஒரே கேபிள் மேல விழும். அதை ஒரே சாம்பிள்ல பாக்கறது பி.எஸ். 8491, அது 20 மில்லிமீட்டருக்கு மேல விட்டம் உள்ள பவர் கேபிளுக்கு. பவர் ஃபீடருக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கும்போது இந்த நம்பரைக் கேளுங்க, நிமிஷத்தையும் கேளுங்க. மினரல் இன்சுலேட்டட் கேபிள் போட்டாலும் அதோட கிளாண்டும் டெர்மினேஷனும் அதே தீ ரேட்டிங்க்ல இருக்கணும்.

கேபிளை விட அதைப் பிடிச்சிருக்கறதுதான் முதல்ல விழும். பிளாஸ்டிக் ரால் பிளக், நைலான் டை போட்டா தீ வந்த கொஞ்ச நேரத்துலயே கேபிள் தொங்கிடும், தொங்கற வெயிட்டுல மைகா சுத்து பிரிஞ்சு ஷார்ட் ஆகும். ஸ்டீல் க்ளீட், ஸ்டீல் ஆங்கர், கேபிளோட சேர்ந்து டெஸ்ட் ஆன லேடர், இதுதான். நடுவுல ஜாயின்ட் வேண்டாம், ஒரே நீளமா இழுங்க.

இப்ப சைஸ். இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, ஏன்னா எல்லாரும் நார்மல் வெப்பத்துக்கு வோல்டேஜ் டிராப் பாத்துட்டு விட்டுடறாங்க. தீயில கேபிளோட ஒரு பகுதி சூடாகும், தாமிரத்தோட ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.39 சதவீதம் ஏறும். ஸ்டாண்டர்ட் தீ வளைவுல 120 நிமிஷத்துல வெப்பம் 1050 டிகிரிக்கு கிட்ட இருக்கும், அப்ப ரெசிஸ்டன்ஸ் சுமார் 5 மடங்கு. நம்ம லிஃப்ட்டுக்கு கணக்கு போடலாம்: ரூட் நீளம் 110 மீட்டர், அதுல 25 மீட்டர் ஒரே தீ பகுதிக்குள்ள போகுது, கிளம்பும்போது கரண்ட் 36 ஆம்பியர்.

```
ΔV = √3 × I × R
6 mm²  (3.08 Ω/km): cold R = 0.339 Ω -> 21 V
6 mm²  hot: 25 m x5, 85 m cold -> R = 0.65 Ω -> 40 V
16 mm² (1.15 Ω/km): cold R = 0.127 Ω -> 8 V
16 mm² hot -> R = 0.24 Ω -> 15 V
```

400 வோல்ட்ல 40 வோல்ட்னா 10 சதவீதம். அதே நேரத்துல ஃபயர் பம்ப் ஸ்டார்ட் ஆகி ஜெனரேட்டர் வோல்டேஜ் இன்னொரு 10 சதவீதம் ஒரு நொடி இறங்கினா மொத்தம் 20. பெரும்பாலான டிரைவ்கள் மைனஸ் 15 வரைக்கும்தான் தாங்கும், அண்டர்வோல்டேஜ்ல ட்ரிப் ஆகிடும். 16 சதுர மில்லிமீட்டர்னா 4 பிளஸ் 10, 14, பாஸ் ஆகும், ஆனா மார்ஜின் கொஞ்சம்தான். 6 போதும்னு சொல்ற கரண்ட் ரேட்டிங் டேபிள் தப்பில்ல, அது குளிர்ந்த கேபிளைப் பத்தி பேசுது, அவ்வளவுதான். சூடான கேபிள்ல ஷார்ட் ஆனா ஃபால்ட் கரண்டும் குறையும், அதனால பிரேக்கர் நேரத்துக்குள்ள விழுதான்னும் அதே சூடான ரெசிஸ்டன்ஸை வெச்சே பாருங்க.

பவர் கேபிள் மட்டும் போதாது. ஜெனரேட்டருக்கு "ஸ்டார்ட் ஆகு"ன்னு சிக்னல் போற ஒயர், பயர் ஸ்விட்ச் ஒயர், காரோட இன்டர்காம் ஒயர் எல்லாம் அதே நேரத்துக்கு தாங்கணும். மேல ஏடிஎஸ் இருக்கு, கீழ ஜெனரேட்டர் இருக்கு, நடுவுல சாதா பிவிசி ஒயர்ல ஸ்டார்ட் சிக்னல் போகுதுன்னா அது முதல்ல எரியும். ஃபயர் ரேட்டட் ஒயர் போட்டுட்டு, கூடவே லாஜிக்கையும் இப்படி வையுங்க: லூப் மூடியிருந்தா எல்லாம் நல்லா இருக்கு, லூப் அறுந்தா ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகணும்.

4. ஏடிஎஸ் நேரங்கள்

மெயின்ஸ் போனதும் உடனே மாறக்கூடாது, ஒரு சின்ன டிப்புக்கெல்லாம் லிஃப்ட்டை ஆட்டினா அது தொந்தரவு. மூணு ஃபேஸையும் தனித்தனியா பாத்து 85 சதவீதத்துக்கு கீழ போனா 2 செகண்ட் காத்திருந்து ஸ்டார்ட் சிக்னல் குடுக்கட்டும். ஜெனரேட்டர் லோடு எடுக்க ரெடியா 10ல இருந்து 15 செகண்டுக்குள்ள இருக்கணும். அப்புறம் ஏடிஎஸ் மெயின்ஸ் பக்கத்தைத் தொறந்து, நடு ஆஃப் நிலையில 2 செகண்ட் நின்னு, ஜெனரேட்டர் பக்கத்தை மூடட்டும்.

அந்த 2 செகண்ட் இடைவெளியை நான் எப்பவும் கேட்பேன். ரெண்டு சோர்ஸும் உயிரோட இருக்கும்போது ஏடிஎஸ் டக்குனு மாறினா 100, 200 மில்லிசெகண்ட் மட்டும் சப்ளை போகும், அப்ப கான்டாக்டர் விழும் ஆனா கன்ட்ரோலர் உயிரோட இருக்கும், டிரைவ் பாதி டிஸ்சார்ஜ் ஆன நிலையில இருக்கும். அந்த குழப்பம் முழுசா கரண்ட் போறதை விட மோசம். முழுசா போய் முழுசா வர்றதைக் கையாளறது கன்ட்ரோலருக்கு அதை விட சுலபம்.

திரும்பி வர்ற பயணத்துக்கு 5 நிமிஷமாவது டிலே குடுங்க, ஆனா லிஃப்ட் பயர் மோட்ல இருந்தா மெயின்ஸுக்கு தானா திரும்பவே வேண்டாம். தீ சமயத்துல மெயின்ஸ் வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் லிஃப்ட் நின்னு நின்னு போறதுக்கு ஜெனரேட்டர்லயே இருக்கறது நல்லது. லிஃப்ட் கன்ட்ரோலர்ல இருந்து "பயர் மோட்"னு ஒரு டிரை கான்டாக்ட் ஏடிஎஸ்ஸுக்கு குடுத்து, திரும்பறதை நிறுத்தி வைக்கலாம். ஜெனரேட்டர் நின்னு மெயின்ஸ் நல்லா இருந்தா மட்டும் மாறட்டும்.

ஃபேஸ் சீக்வென்ஸ் ரெண்டு சோர்ஸ்லயும் ஒண்ணா இருக்கான்னு ஏடிஎஸ் டெர்மினல்லயே மீட்டர் வெச்சு பாருங்க. ஜெனரேட்டரை சர்வீஸ்ல கழட்டி மாட்டும்போது ரெண்டு ஒயர் மாறிட்டா, ஏடிஎஸ் லேம்ப் எரியும், வோல்ட்மீட்டர் சரியா காட்டும், லைட் எல்லாம் எரியும், ஆனா லிஃப்ட்டோட ஃபேஸ் ரிலே லிஃப்ட்டை பூட்டி வெச்சிருக்கும். லைட்டை வெச்சு டெஸ்ட் பண்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

5. கன்ட்ரோலர்: இதுதான் முக்கியம்

இப்ப லிஃப்ட்டுக்குள்ள வருவோம். மெயின்ஸ் போன நொடியில பிரேக் விழும், கார் 8க்கும் 9க்கும் நடுவுல நிக்கும். காருக்குள்ள எமர்ஜென்சி லைட்டும் இன்டர்காமும் பேட்டரில ஓடணும். அந்த 15, 20 செகண்ட் காரு நகரவே கூடாது.

சாதா லிஃப்ட்ல இந்த நேரத்துல ஏஆர்டி வேலை செய்யும். கரண்ட் போனா பேட்டரில கிட்ட இருக்கற மாடிக்கு போய் கதவைத் தொறக்கும், மாட்டிக்கிட்டவங்களுக்கு அது நல்லது. பயர் மோட்ல அது ஆபத்து, ஏன்னா கிட்ட இருக்கற மாடி தீ இருக்கற மாடியா இருக்கலாம், புகை நிறைஞ்ச லாபில கதவு தானா தொறக்கும். அதனால பயர் மோட் வந்ததும் ஏஆர்டி முழுசா ஆஃப் ஆகணும். கம்பெனி சொன்னா நம்பாதீங்க, டெஸ்ட்ல பாருங்க.

சப்ளை திரும்ப வந்ததும் நாலு விஷயம் கவனிக்கணும், இதுல எது தவறினாலும் முன்னாடி பண்ண கேபிள் வேலை எல்லாம் பிரயோஜனம் இல்ல.

முதல்ல, லிஃப்ட் பயர் மோட்லயே இருக்கணும். கன்ட்ரோலர் ரீபூட் ஆகி நார்மல் மோட்ல எழுந்தா, வெளில யாரோ அமுக்கின ஹால் கால் எல்லாம் எடுக்கும், வீரர்களை எங்கயோ கூட்டிட்டு போகும். லாபி ஸ்விட்ச் ஆன்ல இருக்கறதையும் காருக்குள்ள சாவி இருக்கறதையும் பூட் ஆனதும் படிக்கணும், கட்டம் 2ல, அதாவது வீரர்கள் காருக்குள்ள இருந்து ஓட்டற நிலையில, இருந்தோம்ங்கறதும் அழியாத மெமரில இருக்கணும்.

ரெண்டாவது, கார் எங்க இருக்குன்னு தெரியணும். இன்க்ரிமென்டல் என்கோடர் இருக்கற சில லிஃப்ட் கரண்ட் போனா இடத்தை மறந்துட்டு, கடைசி மாடி வரைக்கும் ஒரு கரெக்ஷன் ரன் ஓடும். மேல நோக்கி ஓடினா தீ மாடியைத் தாண்டி போகும். இ.என். 81-72 இதுக்கு எல்லை வெச்சிருக்கு: இடம் தெரிஞ்சுக்க நகரணும்னா ரெண்டு மாடிக்கு மேல போகக்கூடாது, அதுவும் வீரர்கள் ஏறுற மாடி பக்கமா, அப்புறம் இடத்தைக் காட்டணும். புதுசா வாங்கும்போது ஆப்சல்யூட் பொசிஷன் சிஸ்டம் கேளுங்க, இந்த கவலையே போயிடும்.

மூணாவது கதவு. கட்டம் 2ல கதவு பட்டனை விடாம அமுக்கினாதான் தொறக்கும், முழுசா தொறக்கறதுக்கு முன்னாடி விட்டா மூடிடும், அதுதான் புகையைப் பாத்ததும் மூடிக்கறதுக்கு வழி. கார் மாடில நிக்கும்போது சப்ளை போய் வந்தா, கதவு தானா தொறக்கக்கூடாது.

நாலாவது டிரைவ். அண்டர்வோல்டேஜ் ஃபால்ட் சில டிரைவ்ல லாட்ச் ஆகி, கீபேட்ல ரீசெட் அமுக்கற வரைக்கும் நிக்கும். சப்ளை வந்திருக்கும், கன்ட்ரோலர் பூட் ஆகியிருக்கும், லிஃப்ட் மட்டும் நகராது. பவர் வந்ததும் தானா ரீசெட் ஆகற மாதிரி பாராமீட்டர் போடச் சொல்லுங்க.

6. நம்ம உதாரணம், நேரத்தோட

0 செகண்ட்: மெயின்ஸ் போகுது, கார் 8க்கு மேல நிக்குது. 2: ஸ்டார்ட் சிக்னல். 12: ஜெனரேட்டர் ரெடி. 14: ஏடிஎஸ் மூடுது. கன்ட்ரோலர் பூட் ஆக 8 செகண்ட்னா 22ல லிஃப்ட் ரெடி. கார்ல இடம் காட்டுது, பயர் மோட் லேம்ப் எரியுது, வீரர் 12ஐ திரும்ப அமுக்கினாதான் நகருது. கன்ட்ரோலர் லாஜிக்குக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் குடுத்தா அந்த 8 செகண்ட் மிச்சம், 14லயே ரெடி. யூபிஎஸ் குடுத்தாலும், இல்லாம ஒருமுறை டெஸ்ட் பண்ணுங்க, பேட்டரி ஒருநாள் செத்துத்தான் போகும்.

7. டெஸ்ட்

லிஃப்ட்டை பயர் மோட்ல போட்டு, 1000 கிலோ வெயிட்டோட (ஆள் இல்லாம) ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவுல மேல போகும்போது, மெயின்ஸ் பிரேக்கரை நிஜமாவே ஆஃப் பண்ணுங்க. ஏடிஎஸ்ல இருக்கற டெஸ்ட் பட்டனை மட்டும் வெச்சு பண்ணா, மெயின்ஸ் உயிரோட இருக்கும், சென்ஸிங் டெஸ்ட் ஆகாது. ஸ்டாப்வாட்ச் வெச்சு நேரம் எழுதுங்க. அதே சமயம் ஃபயர் பம்ப்பை ஸ்டார்ட் பண்ணி, மெஷின் ரூம்ல வோல்டேஜ் லாகர் வெச்சு எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க.

அடுத்து கார் மாடில கதவு மூடி நிக்கும்போது, கதவு தொறந்து பாதில மூடும்போது, ரெண்டு நிலையிலயும் கட் பண்ணுங்க. மூணாவதா ஜெனரேட்டர்ல ஓடும்போது மெயின்ஸைத் திரும்பக் குடுத்து லிஃப்ட் திரும்பாம இருக்கான்னு பாருங்க. நாலாவதா ஒரு ஃபேஸை மட்டும் கழட்டிப் பாருங்க, நிஜத்துல ஒரு ஃபேஸ் மட்டும் போறதும் நடக்கும், அதை ஏடிஎஸ் செட்டிங் கவனிக்காமலே விட்டுடலாம். கடைசியா ஸ்டார்ட் சிக்னல் ஒயரை ஒரு முனையில கழட்டுங்க, ஜெனரேட்டர் தானா கிளம்பணும்.

இதுல தோத்த டெஸ்ட்டை செட்டிங் மாத்தி சரி பண்ணீங்கன்னா, மாத்தின பாராமீட்டரை பேனல் கதவு உள்பக்கம் ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க, கன்ட்ரோலர் போர்டு மாத்தறவங்க ஃபாக்டரி செட்டிங்லயே விட்டுட்டு போனா ஏஆர்டி திரும்ப ஆன் ஆயிருக்கும். போர்டு, டிரைவ், ஜெனரேட்டர் இதுல எதைத் தொட்டாலும் முதல் டெஸ்ட்டை மறுபடி ஒருமுறை ஓட்டிட்டுத்தான் லிஃப்ட்டை சர்வீஸ்ல விடணும்.